பத்து மணி என்றால் பத்து மணியா?

ஈரோட்டில் ஒரு பல் மருத்துவமனையின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு டாக்டர், ஒரு நாற்காலி, வரவேற்பில் ஒரு பெண், கருவிகளைக் கழுவிச் சுத்திகரிக்க ஒரு உதவியாளர். அவ்வளவுதான். நேரம் தவறி வருவது, சொல்லாமல் வராமலே இருந்துவிடுவது ஆகிய இரண்டுக்கும் புது விதிமுறை வகுத்து, அதை அறிவிப்பாக ஒட்டியிருக்கிறோம். அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். காரணம் தெரியாத விதி மிரட்டலாகத்தான் தெரியும்.

காய்ச்சலுக்குப் பார்க்கும் டாக்டரிடம் டோக்கன் போதும். ஒருவருக்கு ஐந்து நிமிடம். ஏழாம் நம்பர் வரவில்லையென்றால் எட்டாம் நம்பர் உள்ளே போவார். பல் வேலை அப்படியில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம். ஊசி போட்டுத் தாடை மரத்துப்போகவே ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்க் குழாய்கள். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, அளந்து, மெல்லிய கம்பிகளால் சுரண்டி, மருந்தால் கழுவ வேண்டும். முடிந்ததும் நாற்காலி, விளக்கின் கைப்பிடி, துப்பும் தொட்டி என்று எல்லாவற்றையும் துடைத்து, சுத்தமான கருவித் தட்டை அடுத்தவருக்கு வைக்கப் பத்து நிமிடம். பயன்படுத்திய கருவிகள் ஆட்டோகிளேவுக்குள் போனால், சூடேறி, ஆவியில் வெந்து, காய்ந்து வெளியே வர அரை மணிக்கு மேலாகும். அவசரப்பட்டு இதில் எதையும் குறைக்க முடியாது. தாமதமாக வந்தவருக்காக எதையாவது குறைத்தே தீர வேண்டுமென்றால், குழாயைச் சுத்தம் செய்யும் நேரத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். அங்கே கிருமி மிச்சமிருந்தால் சிகிச்சை தோற்றுவிடும்.

எங்கள் அறிவிப்பு இதுதான்:

"உங்களுக்குத் தரும் நேரம் உங்களுக்காக மட்டுமே ஒதுக்கப்படுகிறது. வர முடியாவிட்டால் முந்தைய வேலை நாள் மாலை 5 மணிக்குள் போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. 15 நிமிடம் வரை தாமதமானாலும் சிகிச்சை நடக்கும். அதற்கு மேல் தாமதமானால் டாக்டர் உங்களைப் பார்ப்பார், ஆனால் முழு சிகிச்சைக்கு வேறு நேரம் தரப்படும். சொல்லாமல் இரண்டு முறை வராமல் இருந்தால், அடுத்த நீண்ட சிகிச்சைக்கு முன்பணம் கட்ட வேண்டும். அது உங்கள் பில்லில் கழிக்கப்படும். முகவீக்கம், காய்ச்சலோடு பல்வலி, நிற்காத ரத்தக்கசிவு, அடிபட்ட பல் ஆகியவற்றுக்கு அப்பாயின்ட்மென்ட் தேவையில்லை, உடனே வாருங்கள். டாக்டருக்கு 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் நாங்களே உங்களை அழைத்துச் சொல்வோம்; நீங்கள் விரும்பினால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்."

எல்லோரும் முதலில் கேட்பது அந்த 15 நிமிடத்தைப் பற்றித்தான். "பத்து நிமிஷம் முன்னப்பின்ன ஆனா என்னங்க?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு காலை வேளையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 10 மணிக்கு ரூட் கெனால், ஒரு மணி நேரம். 11 மணிக்கு ஒருவருக்குக் கேப் பொருத்த வேண்டும், அரை மணி. 11.30 முதல் 11.45 வரை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறோம். 11.45க்கு ஒரு பல் பிடுங்க வேண்டும், அரை மணி. 12.15க்கு ஆறு வயதுக் குழந்தைக்குப் பல் அடைக்க வேண்டும்.

பத்து மணிக்காரர் 10.15க்கு வந்தால் அவர் வேலை 11.15க்கு முடியும். கேப் பொருத்த வந்தவர் கால் மணி காத்திருப்பார், அவர் வேலை 11.45க்கு முடியும். காலியாக விட்ட கால் மணி அந்தத் தாமதத்தை விழுங்கிவிட்டது. அடுத்தவர் சரியான நேரத்துக்கு நாற்காலியில் உட்காருவார். அதே ஆள் 10.25க்கு வந்தால் கேப் வேலை 11.55க்கு முடியும், அதற்குப் பிறகு வரும் இருவரும் பத்து பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இதற்கு நடுவே தாடை வீங்கிய ஒருவர் அவசரமாக வந்து நின்றால், அவருக்கென்று வைத்திருந்த கால் மணி ஏற்கனவே கரைந்திருக்கும். கடைசியில் குழந்தையின் முறை வரும்போது மணி ஒன்றை நெருங்கியிருக்கும். பசியும் தூக்கமுமாக இருக்கும் குழந்தை வாயைத் திறக்காது. அதன் அம்மா இன்னொரு நாள் லீவு போட்டுக்கொண்டு வர வேண்டும். ஆக, எங்கள் அட்டவணையில் இருக்கும் ஓய்வு இடைவெளி எவ்வளவோ, அதுதான் தாமதத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் எல்லை. அரை மணி இடைவெளி விட வசதியுள்ள மருத்துவமனை அரை மணி வரை பொறுத்துக்கொள்ளலாம். இடைவெளியே விடாமல் அடுத்தடுத்து ஆட்களை நிரப்பிக்கொண்டு, "ஐந்து நிமிடம் பிந்தினால் ரத்து" என்று எழுதும் இடத்தில் தவறு நோயாளியுடையது அல்ல.

15 நிமிடம் கடந்து வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதில் எங்கள் டாக்டர் உறுதியாக இருக்கிறார். கோபியிலிருந்து பஸ் ஏறி வந்தவரை வாசலோடு அனுப்புவது முறையல்ல. மீதி இருக்கும் நேரத்தில் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார், தற்காலிக அடைப்பு பெயர்ந்திருந்தால் மறுபடி வைப்பார். முழு வேலைக்கு மட்டும் வேறு நாள்.

அடுத்து, முந்தைய வேலை நாள் மாலை ஐந்து மணி. பல இடங்களில் "24 மணி நேரத்துக்கு முன்" என்று எழுதியிருப்பார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியவர், 24 மணி நேரக் கணக்குப்படி ஞாயிறு காலை பத்துக்குச் சொல்லலாம். ஞாயிறு கிளினிக் பூட்டியிருக்கும். சொன்னது யார் காதில் விழும்? வேலை நாள் மாலை என்றால் குழப்பமில்லை, சனிக்கிழமை மாலையோடு முடிகிறது. இந்த நேரத்தை எங்கள் வசதிக்காக வைக்கவில்லை. சீக்கிரம் நேரம் கிடைத்தால் நல்லது என்று காத்திருப்போர் பட்டியல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் இருப்பவர்களை மாலை ஆறு மணிக்கு அழைத்தால், சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்கவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யவும் அவர்களுக்கு ஓர் இரவு இருக்கும். காலை எட்டரைக்கு அழைத்தால் பத்து மணிக்கு யாராலும் வர முடியாது.

ஆட்கள் ஏன் வராமல் போகிறார்கள்? மறதி ஒரு காரணம்தான். பல் வைத்தியத்தில் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: வலி நின்றுவிடுவது. ரூட் கெனால் இரண்டு மூன்று சிட்டிங் போகும்போது, முதல் நாளே நரம்பை எடுத்துவிடுவதால் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். "இப்ப சுத்தமா வலி இல்லைங்க, அடுத்த மாசம் வர்றேன்" என்பார்கள். பல்லின் மேல் வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. சில வாரங்கள்தான் தாங்கும். ஓரத்தில் கசிவு தொடங்கினால் எச்சிலும் கிருமியும் வேர்க் குழாய்க்குள் இறங்கிவிடும். நரம்பு இல்லாததால் ஆரம்பத்தில் வலியும் தெரியாது. வீக்கமாகத் திரும்பி வரும்போது வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும், சில சமயம் பல்லையே எடுக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் சிட்டிங் முடிந்ததும் எங்கள் வரவேற்பறைப் பெண், "வலி போயிரும்ங்க, ஆனா பல்லு இன்னும் திறந்துதான் இருக்கு" என்று சொல்லித்தான் அடுத்த தேதியைக் கொடுக்கிறாள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணம் ராகு காலம். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். 11 மணிக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டில் பெரியவர்கள் சொன்னதும் 12.10க்கு வருவார்கள். அது அவர்களுடைய நம்பிக்கை; அதோடு வாதிட எங்களுக்கு வேலையில்லை. நேரம் குறிக்கும்போதே "ராகு காலம் பார்ப்பீங்களா?" என்று கேட்டுவிடுகிறோம். பார்ப்பதில்லை என்பவர்களுக்கு அந்த நேரம் தாராளமாகக் கிடைக்கிறது.

அபராதம் ஏன் போடவில்லை என்று சக நிர்வாகிகள் கேட்கிறார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் சில குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வு இதில் எனக்குக் கண் திறந்தது. உரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற பொருளாதார அறிஞர்கள் அதை 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப் போகப் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெகல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், பணம் கொடுத்து வாங்கும் சேவையாக அது மாறிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் தாமதம் பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஒரு பல் மருத்துவமனைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால், "இருநூறு ரூபாய் கட்டிட்டா முடிஞ்சுது" என்று ஒருவர் நினைத்துவிட்டால், காலியான நாற்காலியில் உட்கார்ந்திருக்கக்கூடிய இன்னொருவரை அவர் மறந்தே போவார். அபராதம் கட்ட முடியாத ஏழை, பயந்துகொண்டு சிகிச்சையையே விட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. முன்பணம் அப்படியில்லை. வந்தால் அது அவர் பில்லிலேயே கழிந்துவிடும்.

நினைவூட்டலில் வார்த்தைகளும் முக்கியம். லண்டனில் சில மருத்துவமனைகளில் செய்து, 2015இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான குறுஞ்செய்தி பெற்றவர்களில் 11.1 விழுக்காட்டினர் வரவில்லை. ஒருவர் வராவிட்டால் பொது மருத்துவச் சேவைக்குச் சுமார் 160 பவுண்டு செலவு என்று எழுதி அனுப்பியபோது அது 8.4 ஆகக் குறைந்தது. நாங்கள் பணத்தைச் சொல்வதில்லை. "நாளை காலை 10 மணி உங்களுக்காக வைத்திருக்கிறோம். வர முடியாவிட்டால் 'மாற்று' என்று மட்டும் அனுப்புங்கள், காத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம்" என்று அனுப்புகிறோம். மாற்றச் சொல்வதற்குச் சங்கடப்படுகிறவர்கள்தான் போனை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அறிவிப்பில் "காரணம் சொல்லத் தேவையில்லை" என்று சேர்த்தோம்.

அவசர நிலைகளைப் பற்றிய வரியை எழுத்துச் சிறியதாக்கிக் கடைசியில் போடக் கூடாது. விழுந்து அடிபட்டு நிரந்தரப் பல் வேரோடு வெளியே வந்துவிட்டால், அரை மணிக்குள் மறுபடி பொருத்தினால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. ஒரு மணி நேரம் கடந்தால் வெகுவாகக் குறைந்துவிடும். பல்லின் மேற்பகுதியை மட்டும் பிடித்து, பாலில் போட்டு எடுத்து வர வேண்டும். "அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா?" என்ற கேள்வி அந்தக் குடும்பத்தின் காதில் விழவே கூடாது. முகவீக்கத்தோடு வாய் திறக்க முடியாமலோ, விழுங்க முடியாமலோ, மூச்சுத் திணறியோ போனால் எங்களிடம்கூட வர வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டாக்டரின் தாமதத்தைப் பற்றிய கடைசி வரியைச் சேர்க்கத் தயக்கம் இருந்தது. அது இல்லாவிட்டால் மற்ற வரிகளுக்கு மதிப்பில்லை என்று நான் வாதாடினேன். நம் ஊரில் ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஏழரைக்குக் கூப்பிட்டே பழகிவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் ஆட்களும் ஏழு மணிக்கு வரக் கற்றுக்கொண்டார்கள்.

விதி வேலை செய்கிறதா என்று பார்க்க, வராதவர்களின் எண்ணிக்கையை மட்டும் நான் பார்ப்பதில்லை. முன்கூட்டியே சொல்லி ரத்து செய்தவர்கள் எத்தனை பேர், அந்த இடங்களில் எத்தனை மறுபடி நிரம்பின என்று நோட்டில் தனித்தனியாகக் குறிக்கிறோம். முதல் எண் ஏறினால் கவலை இல்லை. இதுவரை சொல்லாமல் இருந்தவர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது ஏறியும் இரண்டாவது எண் அசையாமல் இருந்தால், காத்திருப்போர் பட்டியலை நாங்கள் மாலையில் அழைக்காமல் காலையில் அழைத்துக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்துகொள்ள வேண்டும்.