விரைவில் பிடிக்கும் மாத்திரையும் தாமதித்துப் பிடிக்கும் மாத்திரையும்

மனப் பதற்றத்திற்கென்றும் தூக்கத்திற்கென்றும் வைத்தியர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் பல பென்ஸோடயஸிபைன் என்னும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற ரசாயன அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்து 1960-ல் விற்பனைக்கு வந்த குளோர்டயஸிபாக்ஸைடு இவற்றுள் மூத்தது. 1963-ல் வந்த டயஸிபாம் அதைக் காட்டிலும் பெரும் பிரசித்தி அடைந்தது. மூளையிலே கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற இயற்கைப் பொருளின் வேலைக்குத் துணை நின்று அதை வலுப்படுத்துவதுதான் இவை அனைத்தும் செய்யும் காரியம். செய்யும் காரியம் ஒன்றாக இருந்தும், டயஸிபாமை விழுங்கியவர் அரை மணி நேரத்திற்குள் அதன் பலனை உணர்வதும், ஆக்ஸஸிபாமை விழுங்கியவர் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க நேர்வதும் ஏன் என்பதை அறிந்துகொள்ளாததால் விளையும் அபாயங்கள் பல.

வாய் வழியே சென்ற மாத்திரை முதலில் நீரிலே கரைய வேண்டும். கரைந்தது இரைப்பையைக் கடந்து சிறுகுடலை அடைய வேண்டும். அங்கே குடற்சுவரின் உயிரணுக்களை ஊடுருவி ரத்தத்தில் கலக்க வேண்டும். உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்புப் பொருளால் ஆனதாகையால், கொழுப்பில் எளிதில் கரையும் சுபாவமுள்ள மருந்து அதைத் தடையின்றிக் கடக்கிறது; அந்தச் சுபாவம் குறைந்த மருந்து தயங்கித் தயங்கிச் செல்கிறது. டயஸிபாம் முதல் வகையைச் சேர்ந்தது. ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உச்சத்தை எட்டிவிடுகிறது. ஆக்ஸஸிபாமின் மூலக்கூறிலோ, நீரை விரும்பும் ஹைட்ராக்ஸில் என்ற சிறு பகுதி ஒன்று கூடுதலாக ஒட்டிக்கொண்டிருப்பதால் கொழுப்பின்மீது அதற்குள்ள பற்று குறைகிறது. அது உச்சத்தை எட்டச் சுமார் மூன்று மணி நேரம் ஆகிறது. லோரஸிபாம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. வயிறு நிறைய உண்டபின் விழுங்கினாலோ, நெஞ்செரிச்சலுக்கான அமிலமுறிவு மருந்தைச் சேர்த்து உட்கொண்டாலோ, விரைவான மருந்தும் தாமதப்படும்.

ரத்தத்தில் கலந்த மருந்து மூளைக்குள் புக இரண்டாவது வாயில் ஒன்றைக் கடக்க வேண்டும். உடலின் மற்றப் பாகங்களில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் இடைவெளிகள் உண்டு; மூளையில் அச்சுவரின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால், மருந்து அவற்றின் இடையே நழுவ முடியாமல் அவற்றின் கொழுப்புச் சவ்வுகளை ஊடுருவியே உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது. டயஸிபாமுக்கு இது ஒரு தடையே இல்லை. ரத்தம் எவ்வளவு வேகமாக மூளைக்கு வருகிறதோ அவ்வளவு வேகமாக அதுவும் உள்ளே போய்விடும். வலிப்பு கண்டவருக்கு நரம்பிலே செலுத்தினால் ஓரிரு நிமிஷங்களில் அது வேலை செய்யத் தொடங்குவது இதனாலேதான். லோரஸிபாமை அதே விதமாகச் செலுத்தினால் பலன் முழுமை பெற இன்னும் சில நிமிஷங்கள் பிடிக்கின்றன. ஆகவே ஊசியில் வித்தியாசம் நிமிஷக் கணக்கு. மாத்திரையில் அது மணிக் கணக்கு. மாத்திரையின் தாமதத்தில் பெரும் பங்கு மூளையின் வாயிலில் நேர்வதன்று, குடலிலே நேர்வது என்பதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

இந்தத் தாமதம் எங்ஙனம் ஆபத்தாகிறது என்பதற்கு ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் இரவு உணவை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு 15 மில்லிகிராம் ஆக்ஸஸிபாம் விழுங்குகிறார். பத்தே முக்காலுக்கும் கண் சொக்கவில்லை; மருந்து பிடிக்கவில்லை என்றெண்ணி இன்னொன்றை விழுங்குகிறார்; பதினொன்றரைக்கு மூன்றாவது. முதல் மாத்திரை உச்சத்தை எட்டுவது ஒரு மணி சுமாருக்கு. மற்றவை இரண்டே முக்காலுக்குள் அடுத்தடுத்து எட்டுகின்றன. ஆக்ஸஸிபாமின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஐந்து முதல் பதினைந்து மணி நேரம் ஆகுமாதலால், முந்தியது தணிவதற்குள் பிந்தியது வந்து சேர்ந்து, மூன்று மாத்திரைகளும் நள்ளிரவுக்குப் பின்னர் ஒருசேர வேலை செய்கின்றன. சிறுநீர் கழிக்க எழுகையில் கால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் முதியவர்களுக்கு நேர்வது சில சமயங்களில் இதுதான். மாத்திரை விழுங்கியவர் மதுவும் அருந்தியிருந்தாலோ, ஓபியம் சார்ந்த வலி மருந்தை உட்கொண்டிருந்தாலோ, மூச்சே மந்தித்து உயிர் போகவும் கூடும்.

விரைவில் பிடிக்கும் மருந்திலே அபாயம் வேறு உருவம் கொள்கிறது. மூளைக்குள் சட்டென்று புகுந்த டயஸிபாம், அதே கொழுப்புப் பற்றின் காரணமாக, சிறிது நேரத்தில் மூளையை விட்டு வெளியேறி உடலின் கொழுப்புத் திசுக்களிலும் தசைகளிலும் பரவிவிடுகிறது. முதல் மாத்திரையின் மயக்கம் சில மணி நேரத்தில் தெளிந்துவிட, மருந்து தீர்ந்துபோயிற்று என்று நினைக்கிறோம். உண்மையில் அது உடலை விட்டு அகலவில்லை. பாதியாகக் குறைய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஈரல் அதை மாற்றி உண்டாக்கும் டெஸ்மெதில்டயஸிபாம் என்ற பொருளும் அதே வேலையைச் செய்துகொண்டு இன்னும் நீண்ட காலம் தங்கும். இரவுதோறும் உட்கொண்டால் நாளுக்கு நாள் சேர்ந்து, காலையில் வண்டி ஓட்டும் வேளையிலும் கவனத்தை மழுங்கச் செய்யும். வலிப்பு நோயில் இவ்விஷயம் தலைகீழாகத் தோற்றமளித்து வியப்பூட்டுகிறது. உடலில் குறுகிய காலமே தங்கும் லோரஸிபாம், மூளையில் நின்று பல மணி நேரம் வலிப்பைத் தடுக்கிறது. உடலில் நெடுங்காலம் தங்கும் டயஸிபாமின் காப்போ அரை மணி நேரத்திற்குள் தளர்ந்துவிடக்கூடும். ஆதலின், உணரும் வேகத்தைக் கொண்டு மருந்தின் வலிமையையோ, அது உடலில் இருக்கும் காலத்தையோ அளவிட இடமில்லை.

விரைவு வேறொரு விதத்திலும் கேடு தரும். விழுங்கிய சற்று நேரத்திலேயே நிம்மதி கிட்டுவதை மனம் மறப்பதில்லை. மாத்திரையையும் சுகத்தையும் அது முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அந்த இன்பத்திற்காகவே தேடி உட்கொள்ளும் பழக்கம், மெதுவாக ஏறும் மருந்துகளைவிட விரைவாக ஏறுபவற்றில் எளிதில் வேரூன்றுவதற்குக் காரணம் இதுவே. சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, நடுக்கம், சில சமயம் வலிப்பு வரை நேரலாம். வைத்தியரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைப்பதே தக்க நிவாரணம்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த அபாயங்களைக் கவனிக்காமல் இல்லை. 2014 மார்ச் முதல் அமலில் உள்ள எச்1 அட்டவணையில் டயஸிபாம், அல்பிரஸோலாம், நைட்ரஸிபாம் முதலியவை இடம்பெற்றிருக்கின்றன. அவற்றை மருந்துச் சீட்டின்றி விற்கலாகாது. வைத்தியர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மீறி விற்பவரைப் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். சீட்டு எழுதும் வைத்தியரிடம், இந்த மாத்திரை எத்தனை நேரத்தில் பிடிக்கும், பிடிக்காவிட்டால் இன்னொன்று போடலாமா, எத்தனை நாளைக்கு என்று கேட்பது நோயாளியின் உரிமை, கூச்சப்பட ஒன்றுமில்லை.

அளவு மீறி உட்கொண்டவரை எழுப்பியும் எழாமலோ மூச்சு மந்தமாகவோ கண்டால் 108-ஐ அழைத்து, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விழுங்கிய மாத்திரையின் அட்டையைத் தவறாமல் உடன் கொண்டுபோக வேண்டும். எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்ற விவரம் இல்லாவிட்டால், உச்சம் கடந்துவிட்டதா இனிமேல்தான் வரப்போகிறதா என்பதை மருத்துவரால் ஊகிக்க இயலாது. ஃப்ளூமஸெனில் என்ற மாற்று மருந்து உண்டு. ஆனால் நெடுநாள் பழகியவருக்கு அது வலிப்பை உண்டாக்கக்கூடுமாதலால் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் அதன் பலன் சுமார் ஒரு மணி நேரமே நீடிக்கும். விழுங்கிய மாத்திரை அதற்குப் பிறகும் உடலில் இருக்கும். கண் விழித்துப் பேசத் தொடங்கியவரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பது அதனால்தான்.