சத்தமில்லாத பட்டாசு, சத்தமில்லாத குப்பைத் தீ
மூச்சு – தொடர் 11

தீபாவளிக்கு முந்தைய வாரம் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான். தமிழ்த்தாய் வாழ்த்தும் திருக்குறளும் செய்தி வாசிப்பும் முடிந்ததும், ஒரு மாணவியோ தீயணைப்பு வீரரோ முன்னால் வந்து நிற்பார். பருத்தி உடை போடுங்கள், பக்கத்தில் வாளித் தண்ணீர் வையுங்கள், வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்காதீர்கள் என்பார். எல்லாமே தேவையான சொற்கள். ஆனால் தோலுக்கும் கண்ணுக்கும் கிடைக்கும் இந்தக் கவனம் மூச்சுக்குழாய்க்குக் கிடைப்பதில்லை.

பாலவனத்தத்தில் அந்தப் பேச்சை எழுத உட்காரும் ஆசிரியருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே இருக்கும் ஊர். சிவகாசியும் இதே மாவட்டம். மழையை நம்பிய இந்தக் கரிசல் சீமையில் பட்டாசுக் கூலியை நம்பிய குடும்பங்கள் ஏராளம். 'பட்டாசே கூடாது' என்று அங்கே முழங்கினால் பிள்ளைகள் காதில் ஏறாது. புகை உள்ளே போய் என்ன செய்கிறது என்று சொன்னால் ஏறும்.

கருமருந்தில் இருப்பவை மூன்று: வெடியுப்பு, கரி, கந்தகம். கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு வரும். வெடித்த கையோடு மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். இந்த வாயு தண்ணீரில் சட்டென்று கரையும். மூக்கும் தொண்டையும் எப்போதும் ஈரமாக இருப்பதால், அங்கே பட்டதும் அமிலமாகிவிடுகிறது. அடியில் இருக்கும் நரம்பு நுனிகள் அதை உணர்ந்து இருமலைக் கிளப்புகின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. நலமான பிள்ளை நாலு முறை இருமிவிட்டு விளையாடப் போய்விடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்தத் தசை ஏற்கெனவே முறுக்கேறி இருப்பது. மற்றவர்கள் உணராத அளவு வாயுவிலேயே சில நிமிடங்களில் நெஞ்சில் விசில் கேட்கும்.

மூக்கால் மூச்சு விட்டால் அந்த வாயுவின் பெரும்பகுதி மூக்கிலேயே கரைந்து நின்றுவிடும். தீபாவளியன்று எந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிற்கிறது? ஓடிக்கொண்டும் கத்திக்கொண்டும் வாயால் இழுக்கும்போது வாயு நேரே கீழே இறங்குகிறது.

வாயு ஒரு பக்கம்; நுண்துகள் இன்னொரு பக்கம். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அது மூக்கிலும் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசி அறை வரை போகும். எந்தப் பட்டாசு அதை அதிகம் கக்குகிறது என்று புனேயில் நெஞ்சு நோய் ஆய்வு அறக்கட்டளையினர் 2016இல் அளந்து பார்த்தார்கள். பட்டாசு கொளுத்துபவர் வழக்கமாக நிற்கும் தூரத்தில் கருவியை வைத்தார்கள். முதலிடம் ஆயிரம் வாலா சரவெடிக்கு அல்ல, பாம்பு மாத்திரைக்கு. சில நொடிகளே எரியும் அந்தக் கறுப்பு வில்லை, ஒரு கன மீட்டர் காற்றில் 64,500 மைக்ரோகிராம் வரை துகளை ஏற்றியது. சரவெடி சுமார் 38,500. கம்பி மத்தாப்பு பத்தாயிரத்துக்கு மேல். ஒரு நாள் முழுவதற்கும் இந்தியா அனுமதிக்கும் சராசரி 60தான்.

நாம் செய்வது என்ன? வெடிக்குப் பயந்து, கைக்குழந்தையின் பக்கத்தில் பாம்பு மாத்திரையைக் கொளுத்துகிறோம். 'சத்தமில்லை, பாப்பாவுக்கு நல்லது' என்று சொல்லியும் விற்கிறார்கள். இதைவிடத் தலைகீழான அக்கறை வேறு கிடையாது. பசுமைப் பட்டாசிலும் துகள் சுமார் 30 சதவீதம்தான் குறையும். மீதி அப்படியே வரும்.

பட்டாசாவது ஆண்டுக்கு ஓரிரு நாள். தெருமுனையில் கூட்டிக் குவித்துக் கொளுத்தும் குப்பை தினசரிச் சமாச்சாரம். அதில் ஈரச் சருகு, பாலித்தீன் பை, டீ கப், அறுந்த வயர் எல்லாம் கலந்து கிடக்கும். கொழுந்துவிட்டு எரியாமல் மணிக்கணக்கில் புகையும். அரைகுறையாக எரியும்போதுதான் அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் வாயுக்கள் கூடுதலாக உண்டாகின்றன. அரைத்த கடுகின் காரம் மூக்கில் ஏறும்போது எந்த நரம்பு வாயில் திறக்கிறதோ, அதையேதான் அக்ரோலினும் தட்டுகிறது. வயரின் பிவிசி உறையில் குளோரின் இருப்பதால் அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்தால் அதுவும் அமிலமே. குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே தடை விதித்துவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு 5,000 ரூபாய் அபராதமும் வைத்தது. தெருவில் கொளுத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஈரக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் போதும் என்று பாட்டிமார் சொல்வார்கள். கரையும் வாயுவில் கொஞ்சம் நிற்கும். நுண்துகள் நெசவின் இடைவெளியில் புகுந்து போய்விடும். காற்று வரும் திசையறிந்து புகையை விட்டு விலகி நிற்பதுதான் பலன் தரும்.

மேடையில் இருக்கும் ஆசிரியர் கடைசியாக இதையும் சொல்லட்டும்: ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் கொடுத்த இன்ஹேலரைத் தீபாவளியன்று சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். அதை இழுத்த பிறகும் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கினாலோ, விடியும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.