இயக்குநரை நீக்குவது எளிது, முறையாக நீக்கினால்

2016 அக்டோபர் 24 அன்று டாடா சன்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழு சைரஸ் மிஸ்திரியைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. ஆனாலும் அவர் இயக்குநராகத் தொடர்ந்தார். அந்தப் பதவியிலிருந்தும் அவரை நீக்க, 2017 பிப்ரவரி 6 அன்று பங்குதாரர்கள் கூட வேண்டியிருந்தது. தலைவரை மாற்றுவது குழுவின் வேலை. இயக்குநரைப் பதவிக்காலம் முடியும் முன்பே வாக்களித்து அனுப்பும் உரிமை பங்குதாரர்களுடையது. குடும்பக் கம்பெனிகள் பலவற்றில் இந்த வேறுபாடு தெரியாமல், போர்டு கூட்டத்திலேயே ஒருவரை நீக்கியதாக மினிட்ஸ் எழுதிவிடுகிறார்கள். அது செல்லாது.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 169-ஆவது பிரிவுப்படி, பொதுவாக இதற்குச் சாதாரணத் தீர்மானமே போதும். எதிர்த்து விழும் வாக்குகளைவிட ஆதரவு வாக்குகள் கூடுதலாக இருந்தால் சரி. இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் சட்டம் நடைமுறையில் கண்டிப்பு காட்டுகிறது.

முதலில் சிறப்பு அறிவிப்பு. குறைந்தது 1% வாக்குரிமை உள்ள பங்குதாரர்கள், இன்னாரை நீக்கத் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம் என்று கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே முழுதாக 14 நாள் இருக்க வேண்டும். இரண்டு நாளும் கணக்கில் சேராது. ஜூன் 25-இல் கூட்டம் என்றால், ஜூன் 10-க்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். அதற்காக மூன்று மாதத்துக்கு முன்பே கொடுத்துவைப்பதும் கூடாது.

கடிதம் வந்ததும் அதன் நகலைக் கம்பெனி உடனே அந்த இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். அவர் தம் தரப்பை எழுதிக் கொடுத்து, எல்லாப் பங்குதாரர்களுக்கும் அனுப்பச் சொல்லலாம். நேரம் போதாமலோ கம்பெனியின் தவறாலோ அது போகாவிட்டால், கூட்டத்தில் வாசிக்கக் கேட்கலாம். ஒரு பங்குகூட இல்லாதவரானாலும் கூட்டத்தில் எழுந்து பேச அவருக்கு உரிமை உண்டு. அதனால்தான் இந்தத் தீர்மானத்தைத் தபால் வாக்கெடுப்பில் நிறைவேற்ற முடியாது. வாக்குகளை ஏற்கெனவே எண்ணி வைத்திருப்பவர்களுக்கு இது சடங்காகத் தோன்றலாம். ஆனால் பேச வாய்ப்பே தராமல் நிறைவேற்றிய தீர்மானத்தை எதிர்த்து வழக்குப் போட வலுவான காரணம் கிடைத்துவிடும்.

பதவி போனாலும் இழப்பீட்டு உரிமை அதோடு போய்விடாது. ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த நிர்வாக இயக்குநர் ஒருவரை ஓராண்டிலேயே நீக்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு ஊதியம் 18 லட்சம். மிச்சமுள்ள நான்கு ஆண்டுக்கு 72 லட்சம் ஆகிறது. ஆனால் பதவி இழப்புக்காகக் கம்பெனி தரும் தொகை மூன்று ஆண்டு ஊதியத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 202-ஆவது பிரிவு. எனவே உச்சவரம்பு 54 லட்சம். மோசடியோ கடும் நிர்வாகச் சீர்கேடோ அவர்மீது உறுதியானால் அதுவும் இல்லை. முழுநேரப் பொறுப்பில்லாத சாதாரண இயக்குநர்களுக்கு இந்தப் பிரிவின்கீழ் எதுவும் தர முடியாது.

இப்படியொரு அறிவிப்பு உங்களுக்கு வந்தால், கூட்ட நாள்வரை காத்திருக்காதீர்கள். பதிலை உடனே எழுதிக் கம்பெனியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.