கதையைக் காட்டிக்கொடுக்காத தலைப்பு

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. நிதிலன் சாமிநாதன் இயக்கத்தில் விஜய் சேதுபதி நடித்த 50-ஆவது படமான ‘மகாராஜா’ திரைக்கு வந்தது. படத்தின் பலமே கதை சொல்லும் விதம்தான். எந்தத் தகவலை எப்போது நமக்குத் தர வேண்டும் என்பதை இயக்குநர் பார்த்துப் பார்த்து அடுக்கியிருப்பார். அந்த அடுக்கில் ஒன்றை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால், டிக்கெட் வாங்கியவருக்குப் பாதிப் படம்தான் மிஞ்சும்.

இப்படிப்பட்ட படத்துக்கு யூடியூபில் விமர்சனம் போடுகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. வீடியோவுக்குள் என்ன பேசினாலும் முதலிலேயே எச்சரித்துவிடலாம். தலைப்புக்கு அந்த வசதி கிடையாது. தேடாதவரின் முகப்புப் பக்கத்திலும் அது போய் நிற்கும், கண்ணில் பட்ட அந்த நொடியிலேயே படித்தும் முடிந்துவிடும். அதனால் எழுதும்போது கை தயங்குகிறது. மறுபக்கம், பட்டும் படாமலும் எழுதினால் தேடலில் வீடியோ வராதே என்ற பயம். “எதிர்பார்க்காததை எதிர்பாருங்கள்” என்று தலைப்பு வைத்தால் கதை பத்திரமாக இருக்கும். ஆனால் அந்தச் சொற்களை யார் தேடப்போகிறார்கள்?

இந்த இரண்டு பயமும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றுகிறது. உண்மையில் மோதவில்லை. படம் பார்க்காதவருக்குக் கதையின் ரகசியம் தெரியாது. தெரியாத ஒன்றை அவர் தேட முடியாது. அவர் தட்டச்சு செய்வதெல்லாம் ஏற்கெனவே ஊரறிந்த சொற்கள்தான்: படத்தின் பெயர், நாயகன் பெயர், இயக்குநர் பெயர், ‘விமர்சனம்’, ‘ரிவ்யூ’, ‘தமிழ்’. ரகசியத்தைத் தலைப்பில் வைப்பதால் இவர்களில் ஒருவர்கூடக் கூடுதலாக வரமாட்டார்.

ரகசியத்தைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் படம் பார்த்து முடித்தவர்கள். `maharaja climax explained` என்றுதான் தேடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது வேறு வீடியோ. ஒரே வீடியோவால் இரு தரப்பையும் இழுக்க முயலும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எதைச் சொல்லலாம்?

எல்லைக்கோடு எங்கே என்பதற்கு எளிய வழி, படக்குழுவே வெளியிட்டதை அளவுகோலாக வைத்துக்கொள்வது. போஸ்டர், டிரெய்லர், அறிவிக்கப்பட்ட நடிகர் பட்டியல் ஆகியவற்றில் இருப்பதைச் சொல்லலாம். மகாராஜாவைப் பொறுத்தவரை, சலூன் நடத்தும் ஒருவர் ‘லட்சுமி’யைக் காணவில்லை என்று போலீஸ் நிலையத்துக்குப் போகிறார் என்பது டிரெய்லரிலேயே உண்டு. அனுராக் காஷ்யப், மம்தா மோகன்தாஸ், நட்டி ஆகியோர் நடித்திருப்பதும் தெரிந்த செய்தி. லட்சுமியைப் பற்றி இதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் கோட்டைத் தாண்டிவிட்டோம்.

கதையை நேராகச் சொல்வது மட்டும் தவறு என்று நினைத்துவிடக்கூடாது. மறைமுகமாகக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் நிறைய உண்டு. ‘யாருமே எதிர்பார்க்காத ட்விஸ்ட்’ என்று எழுதினால், படிப்பவர் படம் முழுக்க அதையே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். ‘இந்த நடிகரா வில்லன்?’ என்ற கேள்விக்குறி எதையும் மறைப்பதில்லை. இன்னொரு படத்தோடு ஒப்பிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. ஒப்பிடும் பழைய படத்தின் முடிவு ஊருக்கே தெரிந்திருந்தால், புதிய படத்தின் முடிவையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம் என்றாகிறது. கௌரவ வேடத்தில் வரும் நடிகரின் பெயரைப் படக்குழு அறிவித்திருந்தால் தாராளமாக எழுதலாம். திரையில்தான் முதன்முதலாகத் தெரிகிறது என்றால், எவ்வளவு தேடல் வந்தாலும் தலைப்பில் அவருக்கு இடம் கொடுக்கக்கூடாது.

தலைப்பைக் கட்டுவது

யூடியூபில் தலைப்புக்கு 100 எழுத்துகள் வரை இடம் உண்டு. தமிழில் எழுதும்போது இந்தக் கணக்கில் கவனம் வேண்டும். ‘கா’ நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ‘க’ ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு. ‘மகாராஜா’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. போதாததற்கு, கைப்பேசித் திரையில் நீளமான தலைப்பின் வால் வெட்டப்பட்டுவிடும். ஆகவே தேடப்படும் பெயர் முன்னால் வரவேண்டும்.

அடுத்து, பெயர்க் குழப்பம். ‘மகாராஜா’ வெளிவந்த அடுத்த வாரமே, ஜூன் 21 அன்று, நெட்ஃபிளிக்ஸில் ‘மஹாராஜ்’ என்ற இந்திப் படம் வெளியானது. 1998-இல் கோவிந்தா நடித்த இந்தி ‘மகாராஜா’ ஒன்றும் இருக்கிறது. வெறுமனே ‘மகாராஜா விமர்சனம்’ என்றால் எந்தப் படம் என்ற கேள்வி எழும். ‘தமிழ்’ என்ற சொல்லும் நாயகன் பெயரும் அதைத் தீர்த்துவிடும். நம்மில் பலர் தமிழ்ப் படத்தையும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துதான் தேடுகிறோம். அதனால் பெயர் இரண்டு எழுத்திலும் இருப்பது நல்லது. இவற்றையெல்லாம் சேர்த்தால் தலைப்பு இப்படி வரும்:

```
மகாராஜா விமர்சனம் | Maharaja Tamil Review | விஜய் சேதுபதி | ஸ்பாய்லர் இல்லை
```

கணினிக் கணக்கில் இது 75 எழுத்து. முதல் இரண்டு பகுதிகளும் தேடலுக்கு. மூன்றாவது, எந்த மகாராஜா என்று அடையாளம் காட்ட. கடைசிப் பகுதி பார்வையாளருக்குத் தரும் வாக்கு. கைப்பேசியில் அது வெட்டுப்பட்டாலும் தேடலுக்கு இழப்பில்லை. தலைப்புப் படத்திலும் அதே வாக்கை எழுதிவிடலாம். யூடியூப் தானாக எடுத்துக் காட்டும் மூன்று ஃபிரேம்களில் ஒன்றை அவசரத்தில் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். பிற்பாதிக் காட்சி ஒன்று அதில் மாட்டிக்கொண்டால், தலைப்பில் காத்த ரகசியம் படத்தில் போய்விடும்.

விளக்கக் குறிப்பு

தலைப்புக்குக் கீழே எழுதும் விளக்கத்துக்கு 5,000 எழுத்துகள் வரை அனுமதி உண்டு. ‘மேலும்’ என்பதை அழுத்துவதற்கு முன் தெரிவது முதல் இரண்டு மூன்று வரிதான். படம் எது, கதைக்களம் என்ன, வீடியோ எப்படிப்பட்டது என்ற மூன்றும் அங்கேயே வந்துவிட வேண்டும். சொற்களைக் காற்புள்ளி போட்டு அடுக்காமல், மனிதர் படிக்கும் வாக்கியமாக எழுத வேண்டும். தேடல் சொற்களை விளக்கத்தில் குவிப்பதும், சம்பந்தமில்லாத படங்களின் பெயர்களைச் சேர்ப்பதும் யூடியூபின் விதிகளுக்கே எதிரானவை.

```
நிதிலன் சாமிநாதன் இயக்கத்தில் விஜய் சேதுபதியின் 50-ஆவது படம்
மகாராஜா (2024). ‘லட்சுமி’யைக் காணோம் என்று போலீஸுக்குப் போகும்
ஒரு சலூன்காரரின் கதை. டிரெய்லரில் உள்ளதற்கு மேல் கதை சொல்லாத
விமர்சனம். Maharaja Tamil movie review without spoilers.

நடிப்பு: விஜய் சேதுபதி, அனுராக் காஷ்யப், மம்தா மோகன்தாஸ், நட்டி
இசை: அஜனீஷ் லோக்நாத்
கவனிக்க: கடுமையான வன்முறைக் காட்சிகள் உண்டு.

00:00 முன்னுரை
00:50 கதைக்களம்
02:30 நடிப்பு
04:40 திரைக்கதை, இசை
06:30 யார் பார்க்கலாம்?

#Maharaja #மகாராஜா #VijaySethupathi
```

இதில் நேரக் குறிப்புகள்தான் பலர் கோட்டைவிடும் இடம். முதல் குறிப்பு 00:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று குறிப்புகள் வரிசையாக இருந்து, ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையாமல் இருந்தால், யூடியூப் அவற்றை அத்தியாயங்களாக்கி வீடியோவின் ஓட்டப் பட்டையில் காட்டும். தேடல் முடிவிலும் அவை தென்படலாம். ‘05:10 அவர் ஏன் கொன்றார்?’ என்று ஓர் அத்தியாயத்துக்குப் பெயர் வைத்தால், அது தலைப்பில் எழுதியதற்குச் சமம். நடிப்பு, இசை, திரைக்கதை என்று துறையின் பெயரை வைத்தால் தொந்தரவே இல்லை.

வன்முறை எச்சரிக்கையும் யோசித்து எழுத வேண்டியது. குழந்தைகளோடு போகலாமா என்று முடிவெடுக்க அது பார்வையாளருக்குத் தேவை. ஆனால் எப்படிப்பட்ட வன்முறை, யாருக்கு நேர்கிறது என்று எழுதினால் கதை வெளியே வந்துவிடும். அளவைச் சொல்லிவிட்டு, ஆளையும் சம்பவத்தையும் விட்டுவிடுவது இரு பக்கமும் நியாயமான வழி.

‘டேக்’ என்ற பெட்டிக்கு யூடியூபே அதிக முக்கியத்துவம் தருவதில்லை; அடிக்கடி எழுத்துப்பிழையோடு தேடப்படும் பெயர்களுக்குத்தான் அது உதவும் என்கிறது. ‘மஹாராஜா’, `Magaraja` போன்ற மாற்று எழுத்துகளுக்கு அந்தப் பெட்டி போதும்.

சரியாக அமைந்ததா?

வீடியோ வெளியான சில நாட்களில் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து, யூடியூப் தேடல் வழியாக வந்தவர்கள் எந்தச் சொற்களைத் தட்டினார்கள் என்று பாருங்கள். `maharaja review`, `maharaja tamil review` போன்றவை மேலே இருந்தால் தலைப்பு தன் வேலையைச் செய்கிறது. `maharaj netflix review` தென்பட்டால் படக் குழப்பம் இன்னும் தீரவில்லை. நாயகன் பெயரை முன்னால் கொண்டுவரலாம். `ending explained` என்று தேடியவர்கள் நிறைய வந்து, பார்க்கும் நேர வரைபடம் முதல் நிமிடத்திலேயே சரிந்தால், அவர்கள் தவறான வாசலில் நுழைந்திருக்கிறார்கள். தலைப்பிலோ விளக்கத்திலோ அவர்களை அழைத்த சொல் எது என்று கண்டுபிடித்து நீக்க வேண்டும்.

அவர்களுக்காக இன்னொரு வீடியோ போடுவதில் தவறே இல்லை. ‘படம் பார்த்தவர்களுக்கு மட்டும்’ என்பதை அதன் தலைப்பின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். வால் வெட்டப்பட்டாலும் எச்சரிக்கை நிற்கும். `Maharaja climax explained` என்ற சொற்களே தேடலுக்குப் போதும், முடிவு என்ன என்று எழுதத் தேவையில்லை. விளக்கத்திலும் எழுத வேண்டாம். கீழே எங்கோ ஒளித்து வைத்த வரியைக்கூடத் தேடல் முடிவு எடுத்துக் காட்டிவிடக்கூடும்.

ரிலீஸான வாரத்தோடு இந்தக் கடமை முடிந்துவிடுவதும் இல்லை. மகாராஜா ஜூலை 12 அன்று நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. நவம்பர் இறுதியில் சீனத் திரையரங்குகளுக்குப் போனது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் படத்தை முதன்முதலாகத் தேடியவர்கள் புதியவர்கள். உங்கள் பழைய வீடியோவின் தலைப்பு அவர்கள் கண்ணிலும் படும். விமர்சனம் போடும் நண்பர்கள் ‘பதிவேற்று’ பொத்தானை அழுத்துமுன், படம் பார்க்காத ஒருவரிடம் தலைப்பையும் விளக்கத்தையும் அத்தியாயப் பெயர்களையும் படிக்கக் கொடுங்கள். கதையைப் பற்றி அவர் என்ன ஊகிக்கிறார் என்று கேளுங்கள். டிரெய்லரில் இல்லாத ஒன்றை அவர் சொன்னால், அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.