எந்தச் சொல்லுக்கு எவ்வளவு பங்கு?

சினிமா விமர்சனங்களைப் படித்து ‘பாராட்டு’, ‘குறை’ என்று பிரிக்கும் ஒரு நிரலிடம் ‘படம் நன்றாக இல்லை’ என்று கொடுக்கிறோம். ‘குறை’ என்கிறது. விடை சரி. எந்தச் சொல்லை வைத்து அந்த முடிவுக்கு வந்தது என்பதுதான் தெரியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஒவ்வொரு சொல்லையும் இம்மியளவு அசைத்துப் பார்ப்பது. நிரலுக்குள் சொல் என்பது எண்களின் வரிசை. பெர்ட் மாதிரியின் அடிப்படை வடிவத்தில் ஒவ்வொரு சொல்துண்டுக்கும் 768 எண்கள். அவற்றைச் சற்றே மாற்றினால் மதிப்பெண் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் சரிவு, அதாவது கிரேடியன்ட். இந்த முறை பல நேரம் ஏமாற்றிவிடும். ஒரு சொல்லின் தாக்கம் ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டிருந்தால், அதை அசைத்தாலும் மதிப்பெண் நகராது. முடிவுக்கே காரணமான சொல் பூஜ்யம் வாங்கிக்கொண்டு நிற்கும்.

முகுந்த் சுந்தரராஜன், அங்குர் தாலி, சிச்சி யான் ஆகிய மூவரும் 2017இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பெயர் இன்டெகிரேட்டட் கிரேடியன்ட்ஸ். சொற்களே இல்லாத ஒரு வெற்று நிலையிலிருந்து முழு வாக்கியம் வரை எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வழியில் ஒவ்வொரு படியிலும் சரிவை அளந்து, சராசரி எடுத்து, அந்த எண் மொத்தம் எவ்வளவு நகர்ந்ததோ அதனால் பெருக்க வேண்டும். ஒரு சொல்துண்டுக்குரிய எண்கள் அனைத்தின் பங்கையும் கூட்டினால் அதன் பங்கு கிடைத்துவிடும்.

கையால் போடக்கூடிய சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ‘நன்றாக’ என்பது `g`, ‘இல்லை’ என்பது `n`. சொல் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. நம் பொம்மை நிரலின் சூத்திரம் இது:

```
F = g − 2gn
```

‘நன்றாக’ மட்டும் இருந்தால் +1, பாராட்டு. இரண்டும் இருந்தால் −1, குறை. வாக்கியம் முழுதாக இருக்கும் இடத்தில் மட்டும் சரிவை அளந்தால் ‘நன்றாக’ −1, ‘இல்லை’ −2 என்று வரும். கூட்டினால் −3. உண்மையான மாற்றமோ 0இலிருந்து −1 வரைதான், கணக்கு உதைக்கிறது. இப்போது வெற்று நிலையிலிருந்து நடந்து வருவோம். வழியில் `t` என்ற இடத்தில் ‘நன்றாக’வின் சரிவு `1 − 2t`. முதல் பாதியில் அது கூட்டல், மறுபாதியில் கழித்தல், சராசரி 0. ‘இல்லை’யின் சரிவு `−2t`, சராசரி −1. இரண்டையும் கூட்டினால் −1. கணக்கு நேராகிவிட்டது.

இப்படிப் பங்குகளின் கூட்டுத்தொகை மொத்த மாற்றத்துக்குச் சமமாக வருவதுதான் இந்த முறையின் பலம். பிழையைப் பிடிக்கும் சோதனையும் அதுவே. நிஜ நிரல்களில் 20 முதல் 300 படிகள் போதும் என்று அந்த மூவரும் எழுதியிருக்கிறார்கள். கூட்டுத்தொகை ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் படிகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தப் பூஜ்யத்தைக் கவனியுங்கள். ‘நன்றாக’ ஒன்றும் செய்யவில்லை என்று அதற்குப் பொருளில்லை. தானாக +1 கொடுத்தது, ‘இல்லை’யோடு சேர்ந்து −1 இழுத்தது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. சொல்லுக்கு ஓர் எண் என்று கொடுக்கும் எந்த முறையிலும் சொற்களுக்கிடையே உள்ள இந்த உறவு மறைந்துபோகும். வண்ணம் தீட்டிய படத்தில் ஒரு சொல் வெளுத்திருந்தால், அதை நீக்கிவிட்டு நிரலை மறுபடி ஓட்டிப் பார்ப்பதே நல்லது. இங்கே ‘நன்றாக’வை நீக்கினால் மதிப்பெண் −1இலிருந்து 0 ஆகிவிடும்.

எதை வெற்று நிலை என்று வைப்பது என்பதிலும் சிக்கல் உண்டு. எல்லா எண்களையும் பூஜ்யமாக்கலாம். வாக்கியத்தின் நீளத்தைச் சமன்செய்யப் போடும் நிரப்புக் குறிகளை மட்டும் வைக்கலாம். அந்த வெற்று வாக்கியத்துக்கே நிரல் 70 சதவீதம் ‘குறை’ என்று சொல்லி, நம் வாக்கியத்துக்கு 95 என்றால், சொற்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவது மிச்சமுள்ள 25 மட்டுமே. அந்த 70 எங்கிருந்து வந்தது என்று இந்த முறை சொல்லாது. ஆகவே வெற்று நிலையின் மதிப்பெண்ணை முதலில் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கையோடு பயன்படுத்தினால் இது என்னவெல்லாம் காட்டும் என்பதற்கு, சுந்தரராஜனும் தாலியும் வேறு இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. படத்தைப் பார்த்துக் கேள்விக்கு விடை சொல்லும் நிரலை எடுத்துக்கொண்டார்கள். அதுவும் விடைகளின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைப்படுத்திதான். கட்டடத்தின் இரு பக்கமும் உள்ள வெள்ளைச் செங்கற்கள் எவ்வளவு சீரொத்தவை என்ற கேள்விக்கு ‘மிகவும்’ என்று சரியாகச் சொன்னது. ஆனால் ‘சீரொத்தவை’ என்ற முக்கியமான சொல்லுக்குக் கிடைத்த பங்கு மிகக் குறைவு. உடனே கேள்வியை மாற்றிப் பார்த்தார்கள். எவ்வளவு சீரற்றவை? ‘மிகவும்.’ செங்கற்கள் எவ்வளவு வேகமாகப் பேசுகின்றன? அதற்கும் ‘மிகவும்’ என்றே விடை வந்தது.