0.35 பெரிதா, 0.4 பெரிதா?
ஆசிரியர் தகுதித் தேர்வின் குழந்தை மேம்பாடு பகுதிக்கு ஒரு தயாரிப்பு

பட்டம் பெற்று பி.எட். முடித்தவர்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தத் தகுதி பெற எழுதுவது ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். மொத்தம் 150 கேள்விகள். அதில் 30 கேள்விகள் ‘குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும்’ என்ற பகுதியிலிருந்து வருகின்றன. பலர் இதைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவிட்டு, பியாஜே, வைகாட்ஸ்கி, ஸ்கின்னர் என்று பெயர்களையும் வரையறைகளையும் மனப்பாடம் செய்கிறார்கள். ‘இந்தக் கோட்பாடு யாருடையது?’ என்ற கேள்விக்கு அது போதும். ஒரு வகுப்பறைச் சம்பவத்தைச் சொல்லி ‘ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டால் கை கொடுக்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே ஒரு பிள்ளையின் ஒரே ஒரு தவறை எடுத்துக்கொண்டு, எல்லாக் கோட்பாடுகளையும் அதன் மீது பொருத்திப் பார்ப்பது. மாதிரிக்கு ஒரு கேள்வி:

‘0.35, 0.4 ஆகியவற்றில் 0.35தான் பெரியது என்கிறாள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது என்ன?’
அ) சரியான விடையைப் பத்து முறை எழுதச் சொல்வது
ஆ) கவனமாகப் படிக்குமாறு எச்சரிப்பது
இ) எப்படி அந்த முடிவுக்கு வந்தாள் என்று கேட்பது
ஈ) நன்றாகப் படிக்கும் மாணவியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளச் சொல்வது

தவறுக்குப் பின்னால் ஒரு விதி

அந்த மாணவியிடம் கவனக்குறைவு இல்லை. 35 என்பது 4ஐ விடப் பெரியது, அதனால் 0.35 பெரியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து முழு எண்களில் பொய்க்காத விதியை அவள் புதிய இடத்திலும் பயன்படுத்துகிறாள். புதிய அனுபவத்தைக் கையில் இருக்கும் பழைய மன அமைப்புக்குள்ளேயே அடக்கிப் புரிந்துகொள்வதைத்தான் பியாஜே அசிமிலேஷன் என்கிறார். தமிழ்ப் புத்தகங்களில் ‘தன்வயமாக்கல்’. மன அமைப்புக்கு அவர் வைத்த பெயர் ஸ்கீமா.

இப்போது நூறு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தாளைக் கொடுத்து, 0.4க்கு நிறம் தீட்டச் சொல்லுங்கள். சதுரத்தைப் பத்துப் பட்டையாகப் பிரித்து நான்கு பட்டை தீட்டினால் 40 கட்டம். 0.35க்கு 35 கட்டம்தான். கண்ணால் பார்ப்பது ஒன்று, விதி சொல்வது வேறொன்று. இந்தக் குழப்பத்துக்குப் பெயர் சமநிலைக் குலைவு. புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதை விட்டுவிட்டு, முதல் இலக்கம் பத்தில் எத்தனை பங்கு என்று பார்க்க ஆரம்பித்தால், அவள் விதியையே மாற்றிக்கொள்கிறாள். அதுதான் அக்காமடேஷன். அடையாளம் எளிது: பழைய விதிக்குள் புதியதைத் திணித்தால் முதலாவது, புதியதற்காக விதியே மாறினால் இரண்டாவது.

சரியான விடையும் ஏமாற்றும்

இன்னொரு மாணவன் 0.4 பெரிது என்கிறான். விடை சரி. காரணம் கேட்டால், ‘இலக்கம் குறைவாக இருப்பதுதான் பெரிது’ என்கிறான். நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்பதைப் பாதி புரிந்துகொண்டு அவனே செய்துகொண்ட விதி இது. அவனிடம் 0.62, 0.5 இரண்டையும் கொடுத்தால் 0.5 பெரிது என்பான். முதலில் தவறாகச் சொன்ன மாணவியோ இதற்குச் சரியாக விடை சொல்லிவிடுவாள், 62 பெரிதல்லவா!

ஆகவே ஒரு கேள்வியை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் புரிதலை அளக்க முடியாது. ‘எப்படி வந்தது?’ என்று கேட்டு, அடுத்து எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்வதற்குப் பெயர் வளரறி மதிப்பீடு. பருவ இறுதியில் மதிப்பெண் போடுவது தொகுத்தறி மதிப்பீடு. நம் கேள்விக்கு விடை ‘இ’ ஆவதும் இதனால்தான்.

மற்ற விடைகள் ஏன் பொருந்தவில்லை என்பதையும் எழுதிப் பழகுங்கள். ‘அ’ பயிற்சியால் பழக்கத்தை வலுப்படுத்தும் தார்ண்டைக் வழி. அவள் விடையை மாற்றுவாள், விதியை மாற்றமாட்டாள். ‘ஆ’ காரணத்தையே தவறாகக் கணிக்கிறது. ‘ஈ’தான் வலை. சக மாணவி உதவுவது வைகாட்ஸ்கி சொன்னது என்று பலர் அதில் விழுவார்கள். அவர் சொன்ன உதவி, பார்த்து எழுதுவதல்ல.

உதவி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும்?

ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தேர்ந்தவரின் உதவியோடு செய்யக்கூடியதற்கும் இடையில் உள்ள பகுதியை வைகாட்ஸ்கி அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். நம் மாணவி தனியாக 0.35ஐயும் 0.4ஐயும் ஒப்பிட முடியாதவள். கட்டத்தாள் இருந்தால் முடியும். அடுத்து கட்டத்தாளை எடுத்துவிட்டு எண்கோட்டில் குறிக்கச் சொல்லலாம். பிறகு எதுவும் இல்லாமல் 0.1234, 0.2 ஆகியவற்றை ஒப்பிடச் சொல்லலாம். இப்படிப் படிப்படியாகக் குறைத்து விலக்கிக்கொள்ளும் உதவிக்குப் பெயர் சாரம் கட்டுதல், அதாவது ஸ்கஃபோல்டிங். இந்தச் சொல்லை 1976இல் கற்பித்தலுக்குப் பயன்படுத்தியவர்கள் உட், புரூனர், ராஸ் ஆகியோர். கருத்தளவில் இது வைகாட்ஸ்கியின் மண்டலத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. கேள்வி சொல்லைக் கேட்கிறதா, கோட்பாட்டைக் கேட்கிறதா என்று பார்த்து விடை குறியுங்கள்.

கட்டங்களை எண்ணும்போது அவள் தனக்குத்தானே முணுமுணுக்கலாம். இதை ‘தன்மையப் பேச்சு’ என்று எடுத்துக்கொண்டு, வளர வளர மறையும் என்றார் பியாஜே. மறைவதில்லை, உள்ளே போய்ச் சிந்தனை ஆகிறது என்றார் வைகாட்ஸ்கி. இருவரையும் பிரித்துக்காட்டச் சொல்லும் கேள்விக்கு இந்த ஒரு காட்சி போதும்.

வயது என்னும் பொறி

பியாஜேயின் பட்டியலில் 7 முதல் 11 வயது வரை பொருள்களைக் கொண்டு சிந்திக்கும் நிலை; 11க்கு மேல் பொருள் இல்லாமலே சிந்திக்கும் முறையான செயல்நிலை. இதை அப்படியே பிடித்துக்கொண்டு, ‘ஆறாம் வகுப்புக்குக் கட்டத்தாள் தேவையில்லை, விதியைச் சொன்னால் போதும்’ என்ற விடையைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. 11 என்பது அந்த நிலை தொடங்கும் வயது. அன்றே எல்லாப் பாடத்திலும் கைவரும் என்று பொருளில்லை. பதின்பருவத்தின் பிற்பகுதியில்கூட, அவரவர் பழகிய துறைக்கேற்ப இந்தச் சிந்தனை வேறுபடலாம் என்று 1972இல் பியாஜேயே எழுதினார். நிலைகளின் வரிசை மாறாது, வயது முன்பின் ஆகலாம் என்பதுதான் நினைவில் நிற்க வேண்டியது.

தயாரிப்பை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகங்களில் உங்கள் பாடத்திலிருந்து பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்றை எடுங்கள். அந்தத் தவறுக்குப் பின்னால் உள்ள விதி, அதைக் கண்டறியும் இரண்டு கேள்விகள், குறைத்துக்கொண்டே போகும் உதவி, எந்த அறிஞர் அங்கே பொருந்துகிறார் என்பது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பழைய வினாத்தாளைப் பார்க்கும்போது சரியான விடையோடு நிறுத்தாமல், மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால், தேர்வறையில் எந்தக் கேள்வியையும் விடாதீர்கள். விடை தெரியாத இடத்தில், பிள்ளை எப்படிச் சிந்தித்தது என்று முதலில் விசாரிக்கும் விடையைத் தேடுங்கள். பெரும்பாலும் அதுவே சரியானதாக இருக்கும்.