ஆறு நாற்காலி, நான்கு குறிப்பு

வங்கித் தேர்வுகளின் ரீசனிங் பகுதியில் வட்ட மேசைக் கணக்கு அடிக்கடி வரும். தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் குறிப்புகளைக் கொடுத்த வரிசையிலேயே படம் போடத் தொடங்கிவிடுகிறார்கள். சிக்கலின் பாதி அங்கேதான் பிறக்கிறது. எந்தக் குறிப்பை முதலில் எடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அமுதா, பாலு, சித்ரா, தேவி, ஈஸ்வரி, கண்ணன் ஆறு பேரும் மேசையைச் சுற்றி, நடுவைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். பாலு தேவியின் பக்கத்தில் இல்லை. சித்ராவும் பாலுவும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். கண்ணனுக்கு நேர் எதிரே தேவி. அமுதாவுக்கு வலப்பக்கம் இரண்டாவதாகக் கண்ணன்.

'இல்லை' என்று சொல்லும் முதல் குறிப்பு இப்போதைக்குப் பயன்படாது. தேவி எங்கே என்றே தெரியாதபோது அவர் பக்கத்தில் யார் இல்லை என்பதை வைத்து என்ன செய்வது? இடத்தை உறுதியாகச் சொல்லும் கடைசிக் குறிப்பிலிருந்து தொடங்குவோம்.

கடிகார முகத்தைப் போல ஒரு வட்டம் வரைந்து 12, 2, 4, 6, 8, 10 ஆகிய இடங்களில் நாற்காலிகளைப் போடுங்கள். வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது என்பதால் அமுதாவை எங்கே வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம், 6-இல் வைப்போம். மீதி ஐந்து பேரை 120 விதமாக அமர்த்தலாம். அமுதாவின் வலப்பக்கம் 4, அதற்கடுத்து 2. ஆகவே கண்ணன் 2-இல். 120 வழிகள் 24 ஆகிவிட்டன. அவருக்கு எதிரே 8-இல் தேவி. இனி 6 வழிகள்தான்.

காலியாக இருப்பவை 4, 10, 12. இவற்றில் அடுத்தடுத்து இருப்பவை 10-உம் 12-உம் மட்டுமே. பாலுவும் சித்ராவும் அங்கேதான் இருக்க வேண்டும். ஈஸ்வரிக்கு 4. இரண்டே வழிகள் மிச்சம். ஒதுக்கி வைத்த குறிப்புக்கு இப்போது வேலை வந்துவிட்டது: 10 தேவியின் பக்கத்து இடம், அங்கே பாலு இருக்க முடியாது. பாலு 12-இல், சித்ரா 10-இல்.

படம் சரியாக வந்த பிறகும் மதிப்பெண் போகும் இடம் ஒன்று உண்டு. பாலுவுக்கு வலப்பக்கம் யார் என்று கேட்டால், தாளில் வலப்பக்கம் தெரியும் கண்ணனைச் சொல்லத் தோன்றும். ஆனால் பாலு மேலே இருந்து நம்மை நோக்கி அமர்ந்திருக்கிறார். அவருடைய வலக்கை சித்ராவின் பக்கம். கீழே அமர்ந்த அமுதாவுக்குத் தாளின் வலமும் அவருடைய வலமும் ஒன்றாக இருந்ததால் இந்தப் பிழை அதுவரை தலைகாட்டவில்லை.

அதனால் கணக்கைத் தொடங்கும்போதே, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக ஒரு அம்பு வரைந்து 'வலம்' என்று எழுதிவிடுங்கள். நடுவைப் பார்த்து அமர்ந்த எவருக்கும், எந்த நாற்காலியில் இருந்தாலும், அந்த அம்பின் திசைதான் வலம். சில கணக்குகளில் ஓரிருவர் வெளிப்பக்கம் பார்த்து அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் அம்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.